கமரா "மட்ச்" என்று சொன்னால் தமிழில் என்ன எழுதுவது?

அனுப்புபவர்: துளசி, கிளிநொச்சி

எல்லோருக்கும் வணக்கம். கண்காணிப்புக் கமராப் படத்தை வைத்து ஆளைத் தேடும் முறை பற்றி ஊர்ச் சங்கங்களுக்குக் கொடுக்க ஒரு கையேட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. "மட்ச்" என்ற ஒரு சொல்லில் நிற்கிறேன். கணினி ஒரு முகத்தைத் தேடிப் பதில் தரும்போது மூலத்தில் இந்தச் சொல்தான் வருகிறது. எனக்கு முன் செய்தவர் ஓரிடத்தில் "அடையாளம் காணப்பட்டார்" என்றும் இன்னோரிடத்தில் "பொருத்தம்" என்றும் எழுதியிருக்கிறார். பொருத்தம் என்றால் எங்கட சனம் சாத்திரியாரைத்தான் நினைக்கும். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கோ.

அனுப்புபவர்: நடராசா, ஒட்டுசுட்டான்

தங்கைச்சி, பாடநூல்களில் நெடுங்காலமாக இருப்பது "இனங்காணல்". "முக இனங்காணல்" என்று தொழில்நுட்பத்துக்கும் "இனங்காணப்பட்டது" என்று பதிலுக்கும் வைத்துவிடலாம். புதிதாக உருவாக்கத் தேவையில்லை.

அனுப்புபவர்: வாசுகி, முல்லைத்தீவு

மாஸ்டர், பாடநூலில் அது சரி. சோதனைச்சாவடிகளில் நின்று வளர்ந்த சனத்திடம் "முகத்தைப் பார்த்து இனங்காணும் கருவி" என்று கையேடு கொடுத்தால் அவர்கள் விளங்கிக்கொள்வது வேறாக இருக்கும். நான் அதை விட்டுவிடச் சொல்வேன்.

அனுப்புபவர்: கிருபா, ரொறன்ரோ

துளசி, சொல்லைத் தேட முதல் கணினி உண்மையில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். நான் இந்தத் துறையில்தான் வேலை செய்கிறேன், ஊர் புதுக்குடியிருப்பு.

கமராப் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, கண்கள் ஒரே மட்டத்தில் வரும்படி திருப்பி, அந்த முகத்தைச் சில நூறு எண்களாக மாற்றுவார்கள். களஞ்சியத்தில் இருக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் இதேபோல் எண்கள் ஏற்கனவே இருக்கும். இரண்டு எண் வரிசைகளும் எவ்வளவு கிட்டக் கிட்ட இருக்கின்றன என்று பார்த்து ஒரு புள்ளி போடும். பிறகு கூடிய புள்ளியிலிருந்து குறைந்த புள்ளிக்கு அடுக்கும். அவ்வளவுதான்.

குற்ற விசாரணையில் பெரும்பாலும் "முதல் 50 பேரைத் தா" என்றுதான் கேட்பார்கள். தேடப்படும் ஆள் களஞ்சியத்திலேயே இல்லாவிட்டாலும் 50 பேர் வருவார்கள். முதலாவதாக நிற்பவர், இருக்கிறவர்களுக்குள் கிட்ட நிற்பவர் மட்டும்தான். ஆகவே "அடையாளம் காணப்பட்டார்" என்பது பிழையான மொழிபெயர்ப்பு. கணினி சொல்லாத ஒன்றை நாங்கள் சொல்கிறோம்.

ஊரில் "தாயின்ர சாயல்" என்று சொல்வோமே, அதை எடுங்கோ. புள்ளிக்குச் "சாயற்புள்ளி", வரும் பட்டியலுக்குச் "சாயல் நிரல்".

அனுப்புபவர்: நிலவன், வவுனியா

சாயல் எனக்குப் பிடித்திருக்கிறது அண்ணா. இத்தனை புள்ளிக்கு மேலே வந்தால்தான் காட்டு என்று ஒரு எல்லை வைப்பார்களே, அதற்கு நான் ஒன்று சொல்லட்டா? "வெட்டுப்புள்ளி." ஏ எல் எழுதின பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் விளக்கம் தேவையில்லை.

ஆனால் பயப்படுகிற அளவுக்குப் பிழை வரும் என்று நான் நினைக்கவில்லை. இப்போதைய மென்பொருள்கள் 99 வீதத்துக்கு மேல் சரி. வெட்டுப்புள்ளியைக் கூட்டிவிட்டால் பிழையான ஆள் வரவே மாட்டார்.

அனுப்புபவர்: தவம், மாங்குளம்

நான் கடை வச்சிருக்கிறன். இந்த விசயம் எனக்கும் நடந்தது எண்டபடியால் எழுதுறன். போன வருசம் கடையில களவு போனது. கமராவில ஆள் இருக்கு, தொப்பி போட்டிருக்கிறான். விசாரிக்க வந்தவை ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஃபோனில படமொண்டைக் கொண்டந்து என்ர கடைப் பெடியனிட்டைக் காட்டி "இவன்தானே?" எண்டு கேட்டினம். பெடியன் ஓம் எண்டிட்டான். களவு நடந்த நேரம் பெடியன் கடையிலேயே இல்லை, நான் போட்டுக் காட்டின வீடியோவை மட்டும்தான் பார்த்தவன். நல்ல கமரா போட்டிருந்தால் இந்தச் சாயற்புள்ளி சரியாய் வந்திருக்குமோ? எந்தக் கமரா வாங்கலாம்?

அனுப்புபவர்: வாசுகி, முல்லைத்தீவு

தவம் அண்ணை, உங்கட கடையில் நடந்ததும் அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில் நடந்ததும் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே நடந்ததை எழுதுகிறேன், சொல் தெரிவு செய்யவும் உதவும்.

2018 ஒக்டோபரில் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருட்டுப்போயின. மங்கலான கமராப் படமொன்றை மாநிலப் பொலிஸார் சாரதி அனுமதிப்பத்திரப் படங்களோடு ஒப்பிட்டார்கள். வந்த நிரலில் ஒரு கறுப்பினத்தவரின் பழைய அனுமதிப்பத்திரப் படம் ஒன்பதாவது இடத்தில் இருந்தது. அவருடைய படத்தையே விசாரணைக்கு அனுப்பினார்கள். அனுப்பிய தாளில் பெரிய எழுத்தில் "இது ஆளை உறுதிசெய்யும் ஆவணம் அல்ல" என்று அச்சிட்டிருந்தது. கைதுசெய்ய இது மட்டும் போதாது என்றும் எழுதியிருந்தது.

பிறகு ஆறு படங்களை வரிசையாக வைத்துக் கடையின் பாதுகாப்பு ஒப்பந்தக்காரரிடம் காட்டினார்கள். அவர் திருட்டை நேரில் பார்த்தவரல்ல, வீடியோவைப் பார்த்தவர். அவர் அதே மனிதரைக் காட்டினார். 2020 ஜனவரியில் வீட்டு முற்றத்தில் மனைவி பிள்ளைகளின் கண்முன்னே கைது செய்து 30 மணித்தியாலம் வரை வைத்திருந்தார்கள். ஆள் வேறு. வழக்குக் கைவிடப்பட்டது. 2024 இல் நகரம் 300,000 டொலர் நட்டஈடு கொடுக்க இணங்கியது. கணினியின் பதிலை மட்டும் வைத்துக் கைதுசெய்வதில்லை, அந்தப் பதிலைக் கொண்டு நேராகப் பட அணிவகுப்பு வைத்துக் கைதுசெய்வதுமில்லை என்ற விதிகளுக்கும் ஒத்துக்கொண்டது.

அந்த இரண்டாவது விதியை எங்கட ஆட்கள் கவனிப்பதில்லை. கணினி தெரிவு செய்தது சாயல் உள்ள ஆளை. அந்தப் படத்தை இன்னொருவரிடம் காட்டினால் அவரும் சாயலைப் பார்த்துத்தான் ஓம் என்பார். கோவையில் சான்று இரண்டு என்று இருக்கும், உண்மையில் ஒரே சாயல்தான் இரண்டு தரம் எண்ணப்படுகிறது. தவம் அண்ணையின் பெடியன் பொய் சொல்லவில்லை.

அனுப்புபவர்: கிருபா, ரொறன்ரோ

தவம் அண்ணை, விலையைப் பார்க்காமல் அகலத்தைப் பாருங்கோ. உங்கட கமரா 1920 பிக்சல் அகலம் என்று வைப்போம். அது 6 மீற்றர் அகலமான கடை முகப்பு முழுவதையும் பிடித்தால் ஒரு மீற்றருக்கு 320 பிக்சல். இரண்டு கண்களுக்கும் இடையில் 6 சென்ரிமீற்றர் சொச்சம், அதாவது 20 பிக்சல். அதில் நான் எந்தச் சாயற்புள்ளியையும் நம்பமாட்டேன். அதே கமராவை வாசலில் 2 மீற்றர் அகலத்தை மட்டும் பிடிக்க வைத்தால் 60 பிக்சல் வரும். கூரைக்குக் கீழே மாட்டினால் தொப்பிதான் தெரியும், கண்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டுங்கோ.

நிலவன், 99 வீதம் என்பது எதற்கு எதிராக? கடவுச்சீட்டில் இருக்கும் ஒரு முகத்தை முன்னால் நிற்கும் ஒரு முகத்தோடு பார்ப்பது ஒரு ஒப்பீடு. விசாரணையில் ஒரு முகத்தைப் பத்து இலட்சம் முகங்களோடு பார்ப்பார்கள். ஒரு ஒப்பீட்டில் பிழை இலட்சத்தில் ஒன்றுதான் என்று வைத்தாலும், பத்துப் பிழையான ஆட்கள் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவார்கள். வெட்டுப்புள்ளியைக் கூட்டினால் அவர்கள் குறைவது உண்மைதான். ஆனால் மங்கலான படமென்றால் உண்மையான ஆளும் சேர்ந்து விழுந்துவிடுவார். இரண்டையும் ஒன்றாகக் குறைக்க முடியாது.

கூட்டத்தில் நேரடியாகத் தேடினால் இன்னும் மோசம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு இலட்சம் பேர் கமராவைக் கடக்கிறார்கள் என்று ஒரு கணக்குக்கு வைப்போம். தேடப்படுகிறவர்களில் ஐந்து பேர் அங்கே நிற்கிறார்கள், அதில் நாலு பேரைக் கமரா பிடிக்கிறது. ஆயிரத்தில் ஒருவருக்குப் பிழையாக மணி அடிக்கிறது. மொத்தம் 104 தரம் அடிக்கும், நூறு பேர் சும்மா வந்த பக்தர்கள். 2017 இல் வேல்ஸின் கார்டிஃப் நகரில் உதைபந்தாட்ட இறுதிப்போட்டியை ஒட்டி 2,470 எச்சரிக்கைகள் வந்து 2,297 பிழையாகப் போனது இப்படித்தான்.

இன்னொன்று, அந்தப் பிழை எல்லோருக்கும் ஒரே அளவில் விழாது. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. பலவற்றில் ஆபிரிக்க, ஆசிய முகங்களுக்குப் பிழையான ஒத்துப்போதல் வெள்ளையரை விடப் பத்து மடங்கிலிருந்து நூறு மடங்கு வரை கூட இருந்தது. சீனாவில் உருவானவற்றில் கிழக்காசிய முகங்களுக்கு அந்த இடைவெளி குறைவு. எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்கள் என்பதில் நிறையத் தங்கியிருக்கிறது. வன்னி முகங்களை யாரும் காட்டிப் பழக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

அனுப்புபவர்: நிலவன், வவுனியா

விளங்குது அண்ணா. ஆனால் கமரா காட்டிய 104 பேரையும் ஒரு ஆள் திரும்பப் பார்த்தால் பிழை போய்விடும்தானே.

அனுப்புபவர்: நடராசா, ஒட்டுசுட்டான்

பிள்ளைகள், இதற்கு எங்களிடம் ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது. சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு இருந்து, வரிசையில் போகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டியவனை என்னவென்று சொன்னோம்? தலையாட்டி. ஏன் ஆட்டினான் என்று கேட்க முடியாது, அவன் யாரென்றும் தெரியாது. இதுவும் அதுதான். "இயந்திரத் தலையாட்டி" என்று எழுதினால் ஒரு வரி விளக்கமும் வேண்டாம்.

அனுப்புபவர்: வாசுகி, முல்லைத்தீவு

மாஸ்டர், வாசித்து ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டேன். ஆனாலும் கையேட்டில் வேண்டாம். அந்த வரிசையில் நின்று திரும்பி வராதவர்களின் வீடுகளுக்கும் இந்தக் கையேடு போகும்.

அனுப்புபவர்: கிருபா, ரொறன்ரோ

எனக்கு வேறு ஒரு மறுப்பு. தலையாட்டி ஒருவரைக் காட்டுவான். கணினி நிரலைத்தான் தரும், அதிலிருந்து ஒருவரை எடுப்பது மேசையில் இருக்கும் அலுவலர். டெட்ரொய்ட்டில் ஒன்பதாவது படத்தை எடுத்ததும் ஒரு மனிதர்தான். நிலவனுக்கும் இதுதான் பதில், திரும்பப் பார்க்கிறவர் முதலே புள்ளியைக் கண்டுவிட்டால் அந்தப் புள்ளியின் கண்ணால்தான் பார்ப்பார். இயந்திரத்துக்கு அந்தப் பெயரை வைத்தால் தலையை ஆட்டிய ஆள் தப்பிவிடுவார்.

அனுப்புபவர்: நடராசா, ஒட்டுசுட்டான்

சனம் அப்படித்தான் சொல்லும், நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும். சரி, பிழையான ஆள் வந்தால் அதற்கு என்ன சொல்? "போலிப் பொருத்தம்" என்று தமிழ்நாட்டுப் பக்கம் கண்டேன். யாரும் போலி செய்யவில்லையே.

அனுப்புபவர்: துளசி, கிளிநொச்சி

"ஆள்மாறல்" என்று போடட்டா? ஆள் மாறிப்போச்சு என்று சொல்வதுதானே. உண்மையான ஆளைக் காணாமல் விட்டால் "தவறவிடல்".

அனுப்புபவர்: வாசுகி, முல்லைத்தீவு

நீதிமன்றத்தில் ஆள்மாறாட்டம் ஒரு குற்றம். ஆள்மாறல் என்றால் அந்த அப்பாவி ஏதோ செய்ததுபோல் கேட்கும். "பிழைச்சாயல்" எனக்குப் பரவாயில்லை.

அனுப்புபவர்: கிருபா, ரொறன்ரோ

சாயல் பிழையில்லையே வாசுகி. சாயல் உண்மையாகவே இருக்கிறது, ஆள்தான் வேறு. நான் துளசியின் பக்கம்.

அனுப்புபவர்: தவம், மாங்குளம்

கமராவை வாசலுக்கு மாத்தியாச்சு. இன்னொண்டு, வாறவை போறவையின்ர முகமெல்லாம் என்ர பெட்டியில கிடக்கு. ஆரும் வந்து கேட்டால் முழுசாக் குடுக்கோணுமோ?

அனுப்புபவர்: வாசுகி, முல்லைத்தீவு

களவு நடந்த நாளின் பதிவைக் கேட்பது வேறு, ஒரு மாதத்தில் வந்த எல்லாரையும் கேட்பது வேறு. எழுத்தில் கேட்கச் சொல்லி, எந்தத் திகதி, எந்த நேரம், எந்த முறைப்பாடு என்று வாங்குங்கோ. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் முகத்தை அளந்து ஆளை அறியும் தரவை விசேட வகைக்குள் வைத்திருக்கிறது. குற்ற விசாரணைக்கு விலக்குக்கு இடமுண்டு, ஆனால் அது தேவையான அளவுக்கு மட்டும் என்பதுதான் சட்டத்தின் போக்கு. ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு மூலப் பதிவை நீங்கள் வைத்திருங்கோ. கமராப் பெட்டியின் மணிக்கூடு சரியா என்றும் பாருங்கோ, நேரம் பிழையாக ஓடிய பதிவுகளை வழக்குகளில் கண்டிருக்கிறேன்.

அனுப்புபவர்: துளசி, கிளிநொச்சி

சாயற்புள்ளி, சாயல் நிரல், வெட்டுப்புள்ளி மூன்றையும் எடுத்துக்கொண்டேன். ஆள்மாறலா பிழைச்சாயலா என்பதை இரண்டு ஊர்களில் வாசித்துக் காட்டிவிட்டு எழுதுகிறேன். இப்போதைக்கு அந்தப் பந்தி இப்படி நிற்கிறது:

"கமராப் படத்திலுள்ள சந்தேகநபரின் சாயல் நிரலில் உங்கள் படமும் வந்திருக்கலாம். அந்த நிரலில் வேறு எத்தனை பேர் இருந்தார்கள், நீங்கள் எத்தனையாவது, உங்களை அதிலிருந்து தெரிவு செய்தவர் யார் என்று உங்கள் சட்டத்தரணி மூலம் கேளுங்கள்."

அனுப்புபவர்: வாசுகி, முல்லைத்தீவு

"சந்தேகநபரின்" என்பதை "ஒருவரின்" என்று மாற்றுங்கோ. கடைசியில் இன்னொரு கேள்வியும் சேருங்கோ: உங்கள் படம் அந்தக் களஞ்சியத்துக்குள் எப்படி வந்தது?