18.40 ராண்ட் பாக்கியைத் தள்ளிக் கணக்கை மூடும் கடிதம்: வாசகத்தைத் திருத்தித் தர முடியுமா?

மளிகைக்கணக்கு (டர்பன்):
சாட்ஸ்வர்த்தில் மொத்த மளிகை வியாபாரம். எங்களிடம் வாங்கிவந்த அம்மா ஒருவர் டீக்கடையை மூடிவிட்டார். அவர் கணக்கில் 18.40 ராண்ட் நிற்கிறது. தள்ளிவிட்டுக் கணக்கை மூடச் சொல்லிவிட்டார் முதலாளி. நான் எழுதியது:

"தங்கள் நிலுவைத் தொகையை நல்லெண்ண அடிப்படையில் மன்னித்து, வாராக்கடனாகத் தள்ளுபடி செய்து, கணக்கை முடித்துவிட்டோம்."

ஏதோ இடிக்கிறது. எது?

பீனிக்ஸ்காரர்:
'மன்னித்து' தான். அவர் என்ன குற்றமா செய்தார்? அதை எடுத்துவிட்டு 18.40க்கு ஒரு கிரெடிட் நோட் போட்டு இணைத்துவிடுங்கள், முடிந்தது.

பழைய ஆடிட்டர்:
முதல் பாதி சரி. கிரெடிட் நோட் வேண்டாம் தம்பி. சரக்கு திரும்பி வந்தால், விலை குறைத்தால் அது. இங்கே சரக்கும் விலையும் சரி, பணம்தான் வரவில்லை. விற்பனையைத் தொடாமல் ஜர்னலில் தள்ளுங்கள். 18.40இல் 2.40 வாட். வசூலிக்க முடியாத கடன் என்றால் அதைத் திரும்பக் கோரலாம். நீங்களாகப் பெருந்தன்மையாக விடுகிறீர்கள். அதனால் நானாக இருந்தால் கோர மாட்டேன். உங்கள் கணக்காளர் வேறு மாதிரி சொல்லலாம்.

'வாராக்கடன்' என்பது நம் புத்தகத்துக்குள் இருக்கட்டும். அவருக்கு இப்படி:

"வணக்கம் அம்மா. உங்கள் கணக்கில் 18.40 ராண்ட் மீதி இருந்தது. அதை நாங்கள் தள்ளிவிட்டோம், நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. மீதி இப்போது பூஜ்யம். கடையை மூடிவிட்டதாகச் சொன்னீர்கள், அதனால் இந்தக் கணக்கையும் இன்றோடு முடித்திருக்கிறோம். கடைசி ஸ்டேட்மென்ட் இணைப்பில் இருக்கிறது. இத்தனை நாள் எங்களிடம் வாங்கியதற்கு நன்றி."

மேலே கணக்கு எண் போடுங்கள். 'முழுவதும் கட்டிவிட்டீர்கள்' என்று எழுதாதீர்கள், அது உண்மையில்லை. வழக்கமாக அடியில் வரும் வங்கி எண்ணையும் எடுத்துவிடுங்கள். 'கட்ட வேண்டாம்' என்று சொல்லிவிட்டு வங்கி எண் கொடுத்தால் மோசடியோ என்று பயப்படுவார்.

ரசீதுப்பெட்டி:
எனக்கு ஒரு துணிக்கடை இப்படித்தான் அழகாக எழுதியது. அடுத்த மாதம் அதே பாக்கிக்கு வட்டி போட்டு ஸ்டேட்மென்ட்! இன்றுவரை அந்தப் பக்கம் போகவில்லை.

பழைய ஆடிட்டர்:
கடிதம் முதலில் போய், ஜர்னல் மாத முடிவுக்குள் ஏறாவிட்டால் அதுதான் நடக்கும். முதலில் தள்ளுங்கள், தானாகப் போகும் நினைவூட்டலையும் வட்டியையும் நிறுத்துங்கள், பூஜ்யம் காட்டும் ஸ்டேட்மென்டை எடுத்துப் பாருங்கள். அதில் பாக்கியைத் தள்ளிய வரியில் 'வாராக்கடன்' என்ற விவரணை அப்படியே அச்சாகும், மாற்றுங்கள். அப்புறம்தான் கடிதம்.

மளிகைக்கணக்கு:
நன்றி ஐயா. ஜர்னல் இன்றே போடுகிறேன். முதலாளி கடைசியில் 'மறுபடியும் வாருங்கள்' சேர்க்கச் சொல்கிறார்.

பீனிக்ஸ்காரர்:
கடையை மூடினவரிடமா? வேண்டாம்.

பழைய ஆடிட்டர்:
வீட்டுக்கு வாங்க வரலாமே. ரொக்கத்துக்குத்தான் என்று தெரிந்தால் போதும்.