உரையாடல் படத்திலிருந்து முடிவுகளைப் பிரித்தெழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பின் தரைத்தொட்டிக் கசிவு பற்றி வாட்ஸ்அப் குழுவில் நடந்த உரையாடலின் நீண்ட ஸ்கிரீன்ஷாட்டை, குழுவில் இல்லாத முதியவர்களுக்காக, முடிவானவை, முடிவாகாதவை என்று பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஞாயிறன்று தொட்டியைக் காலிசெய்வதைச் செயலாளரே உறுதிசெய்திருப்பதால் அதை முடிவாக எழுதிவிட்டேன்.

ஆனால், பூச்சு வேலைக்கு 18,000 ரூபாய் என்று தொடங்கும் செய்தி "இதில்" என்ற சொல்லோடு Read more என்று நின்றுவிடுவதால், அது கூலி மட்டுமா, பொருளும் சேர்ந்ததா என்பது தெரியவில்லை. அதன் கீழுள்ள மூன்று கட்டைவிரல் குறிகளை ஒப்புதலாகக் கொள்ளலாமா, அல்லது தொகையைத் தீராத கேள்வியாகவே வைக்கலாமா? தீராத கேள்வியாக வைப்பதே நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

மேலும், ஸ்கிரீன்ஷாட்டின் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட இடத்தில் நேரம் 7.42-லிருந்து 8.15-க்குத் தாவுகிறது, அதற்கடுத்த பதிலோ, படத்தில் எங்குமே இல்லாத ஒரு செய்தியை மேற்கோள் காட்டுகிறது. இந்த விடுபாட்டை அந்தந்த வரியிலேயே குறிப்பதா, இறுதியில் தனியாகத் தொகுப்பதா? இத்தகைய குறிப்புகளை எழுதிப் பழகியவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.