ஊதாமலே வேப் சூடாகுது, லைற் எரியுது: உள்ளுக்க என்ன இருக்கு?

ஹரோ சுதா
வணக்கம், லண்டனில இருந்து எழுதுறன். மகனின்ர ஜீன்ஸ் பொக்கெற்றுக்குள்ள ஒரு வேப், அதுதான் பற்றரியில வேலை செய்யிற சிகரெட், இருந்திருக்கு. பதினாறு வயசுப் பிள்ளை, அதை நான் அவரோட கதைச்சுக்கொள்ளுவன். இப்ப அவசரம் வேற. ஜீன்ஸோட சேர்ந்து அதுவும் வொஷிங் மெஷினுக்குள்ள போட்டுது. எடுத்து மேசையில வைச்சா, ஒருத்தரும் வாயில வைக்காமலே நுனியில லைற் எரியுது, நிக்குது, திரும்ப எரியுது. தொட்டால் சுடுது, கருகின மணமும் வருது. வாய் வைக்கிற பக்கத்தால ஒட்டுற தண்ணி கசிஞ்சு கையில பட்டிட்டுது. சுவிட்ச் ஒண்டும் இல்லை, எப்பிடி நிப்பாட்டுறது? "வெறும் நீராவிதான் அம்மா" எண்டு மகன் சொல்லுறார். அது உண்மையோ?

நெல்லை ராஜன்
தம்பி சொல்றது ஓரளவு சரிதான்க்கா. உள்ள இருக்கிறது புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும். ரெண்டும் மருந்துல, கேக்ல எல்லாம் சேர்க்கிறதுதான், பயப்பட ஒண்ணுமில்ல. அரிசிக்குள்ள ரெண்டு நாள் போட்டு வைங்க, காஞ்சு சரியாயிடும்.

லெஸ்டர் குமார்
அரிசி வேண்டாம்க்கா, வீட்டுக்குள்ளயே வேண்டாம். முதல்ல வெளியே சிமென்ட் தரையிலயோ மணல் போட்ட தகர டப்பாவிலயோ வைங்க. சார்ஜ் போடாதீங்க, பிரிக்காதீங்க. அது வீங்கினாலோ 'உஸ்' சத்தம் வந்தாலோ கிட்டப் போகாம 999 கூப்பிடுங்க. கையை சோப்புப் போட்டு நல்லா கழுவுங்க, அந்தத் திரவத்துல பெரும்பாலும் நிகோடின் இருக்கும், தோல் வழியாவும் உள்ள போகும்.

நான் இங்க மின்கழிவு பிரிக்கிற இடத்துல வேலை பார்க்கிறேன், தினமும் இதுங்கதான் வருது. உள்ளே ஒரு லித்தியம் அயான் பேட்டரி. அதுக்குப் பக்கத்துல சட்டைப் பட்டன் அளவுல ஒரு காற்று சென்சார், அதுதான் சுவிட்ச். உறிஞ்சும்போது அழுத்தம் குறையுறதை அது உணர்ந்து, பேட்டரியை காயிலோட இணைக்கும். சோப்புத் தண்ணியோ கசிஞ்ச திரவமோ அதுல ஏறிட்டா, யாரோ உறிஞ்சுறாங்கன்னு நினைச்சுக்கும். சில நொடியில தானா துண்டிச்சுக்கும், மறுபடி தொடங்கும். உங்க லைட் விட்டு விட்டு எரியுறது அதனாலதான்.

காயில்ங்கிறது மெல்லிய உலோகக் கம்பி, இல்லன்னா வலை. அதை ஒட்டி இருக்கிற பஞ்சு, விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி திரவத்தை இழுத்துக் கொடுக்கும். 3.7 வோல்ட் பேட்டரி, 1.6 ஓம் காயில்னா ஏறக்குறைய எட்டரை வாட் சூடு. பஞ்சு ஈரமா இருக்கிற வரைக்கும் அந்தச் சூட்டைத் திரவம் ஆவியாகி எடுத்துக்கும். உங்களோடதுல யாரும் இழுக்காமலே எரியுது, காத்தும் ஓடல. பஞ்சு காஞ்சு கருகுது, அந்த மணம்தான் உங்களுக்கு வருது.

ராஜன் அண்ணா, சாப்பிடுறதுக்கு ஒத்துக்கிற பொருள் நுரையீரலுக்கும் ஒத்துக்கும்னு அர்த்தமில்ல. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானா அக்ரோலின்ங்கிற எரிச்சல் தர்ற நச்சுப் பொருள் உண்டாகும். வாணலியில எண்ணெய் புகையும்போது கண்ணு எரியுதே, அதுவும் அக்ரோலின்தான். ரெண்டு திரவமும் சிதைஞ்சா ஃபார்மால்டிஹைடுங்கிற நச்சுப் பொருளும் வரும். வெளியே வர்ற வெள்ளைப் புகை நீராவி இல்ல, இந்தத் திரவத்தோட நுண்துளிகள்.

மதுரை லைட்ஸ்
அண்ணே, எங்க மேடைப் புகை மெஷின்லயும் கிளைக்காலும் கிளிசரினும்தான் ஊத்துறோம். ராத்திரி முழுக்க நின்னா தொண்டை வறண்டு போகுது, இருமல் வருது. வேப் பிடிக்கிறவங்களுக்கும் அதேதானா?

லெஸ்டர் குமார்
வறட்சிக்கு ஒரே காரணம்தான் தம்பி, கிளைக்கால் ஈரத்தை இழுக்கும். ஆனா வேப்புல நிகோடினும் வாசனைப் பொருளும் சேருது, அதுவும் வாய் வழியா நேரா உள்ள போகுது. ரெண்டையும் ஒண்ணா வைக்க முடியாது. உங்க இருமல் நிக்கலன்னா டாக்டரைப் பாருங்க.

ஹரோ சுதா
நன்றி தம்பி. தோட்டத்துக் கல்லில ஒரு தகர டப்பாவுக்குள்ள வைச்சன், ராத்திரியோட லைற் நிண்டிட்டுது. பெட்டியை மகனிட்ட வாங்கிப் பாத்தன். மாம்பழப் படமும் "12000 பஃப்" எண்டும் போட்டிருக்கு. உள்ளடக்கம் எண்டு ஒண்டும் எழுதேல்லை. வித்த கடையில கொண்டுபோய்க் குடுத்தா, வாங்கமாட்டினமாம். எவ்வளவு நிகோடின் இருந்திருக்கும்?

லெஸ்டர் குமார்
இங்க சட்டப்படி ஒரு தொட்டியில 2 மில்லிலிட்டர், மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின். அதாவது அதிகபட்சம் 40 மில்லிகிராம். அவ்வளவு திரவம் அறுநூறு இழுப்பு அளவுக்குத்தான் வரும். பன்னிரண்டாயிரம் வரணும்னா, மாத்திக்கிற டப்பாவும் நிரப்புற பாட்டிலும் தனித்தனியா இருக்கணும். ஒரே தொட்டிக்குள்ள எல்லாம் அடைச்சிருந்தா அது சட்ட அளவைத் தாண்டினது. அதுக்குள்ள என்ன இருக்குன்னு லேப்ல பார்த்தாத்தான் தெரியும்க்கா, நான் ஊகிச்சுச் சொல்லக் கூடாது.

வேப் விக்கிற கடை பழசைத் திரும்ப வாங்கியே ஆகணும். பதினெட்டுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு விக்கவும் கூடாது. பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க, கடைகளைக் கண்காணிக்கிற கவுன்சில் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுல புகார் கொடுக்க உதவும். கருவியை கவுன்சில் மறுசுழற்சி மையத்துல பேட்டரிப் பகுதியில ஊழியர் கையிலயே கொடுங்க. குப்பைத் தொட்டியில மட்டும் போட்டுடாதீங்க, லாரியில நசுங்கினா தீப்பிடிக்கும்.

நெல்லை ராஜன்
அரிசி யோசனையை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா சிகரெட்டை விட இது குறைவான கெடுதல்னு டாக்டர்களே சொல்றாங்களே?

லெஸ்டர் குமார்
பல வருஷம் சிகரெட் பிடிச்சவர் விட முடியாம இதுக்கு மாறினா, இந்த ஊர் மருத்துவர்களும் அப்படித்தான் சொல்றாங்க. சிகரெட்டே தொடாத பதினாறு வயசுப் பையனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது அண்ணா.