‘இணையம் இல்லை’ என்று எழுதலாமா?

கலையரசி, பட்டர்வொர்த்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்காக ஆண்ட்ராய்டு கைப்பேசி பற்றி ஒரு சிறு வழிகாட்டி தயாரித்து வருகிறேன். மூன்று சொற்களைத் தமிழாக்குவதில் வேலை நின்றுவிட்டது. வைஃபை பெயருக்குக் கீழே வரும் `Connected without internet`, அமைப்புகளில் உள்ள `Private DNS`, அப்புறம் பொது வைஃபையில் முதலில் வரும் உள்நுழைவுப் பக்கம் இருக்கிறதா என்று கைப்பேசி தானாகவே செய்யும் ‘கேப்டிவ் போர்ட்டல்’ சோதனை.

முதலாவதுக்கு “இணைப்பு உண்டு, இணையம் இல்லை” என்று எழுதி வைத்திருந்தேன். போன வாரம் ஒரு மாணவனின் கைப்பேசியைப் பார்த்த பிறகு அந்தச் சொல்லை அச்சில் ஏற்ற மனம் வரவில்லை.

சிம் இல்லாத பழைய கைப்பேசி, ஆண்ட்ராய்டு 9. வீட்டு வைஃபையில் அப்பாவின் கைப்பேசியும் தொலைக்காட்சியும் நன்றாக ஓடுகின்றன. இதில் மட்டும் “இணையம் இல்லை”. வீட்டார் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டிருக்கிறார்கள். ஆள் வரவழைத்தும் பார்த்திருக்கிறார்கள். லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். நான் பார்த்தபோது கைப்பேசியின் தேதி அடுத்த ஆண்டில் இருந்தது. விளையாட்டில் தினப்பரிசு வாங்குவதற்காகப் பையன் தேதியை ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறான்.

அதோடு, `Private DNS` பகுதியில் `dns.google` என்று இருந்தது. அண்ணன் போட்டுக் கொடுத்ததாம்.

முதலில் அதை `Off` ஆக்கினேன். வைஃபைக்குக் கீழே அதே வாசகம்தான். ஆனால் குரோமில் மாற்றம் தெரிந்தது. முன்பு எந்தத் தளத்தையும் அடைய முடியவில்லை என்று மட்டும் சொன்னது, இப்போது `Your clock is ahead` என்றது. தேதியைத் தானியங்கிக்கு மாற்றி, வைஃபையை அணைத்துப் போட்டதும் வாசகம் மறைந்தது. பிறகு `dns.google` திரும்பப் போட்டேன், அதுவும் வேலை செய்தது.

அந்த வீட்டில் இணையம் எப்போதும் இருந்தது. அப்படியானால் “இல்லை” என்று நான் எப்படி எழுதுவது?

இராமையா, செந்தூல்

அம்மா கலையரசிக்கு வணக்கம். கைப்பேசிக்கு இணையம் கிடைக்கவில்லை, ஆகவே “இணையம் இல்லை”. சுருக்கம் முக்கியம், திரையில் இடம் குறைவு. மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

மற்ற இரண்டுக்கு: ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்பதைத் தனியார் களப்பெயர் வழங்கி எனலாம். ‘கேப்டிவ் போர்ட்டல்’ என்பது சிறைவாசல். இலக்கணப்படி இரண்டும் சரியாக நிற்கும்.

தினேஷ், பிரிக்பீல்ட்ஸ்

டீச்சர், கடையில் இந்தக் கேஸ் நிறைய வரும். நேரே `Private DNS` போய் `Off` பண்ணிவிடுவேன், பெரும்பாலும் முடிந்துவிடும். முடியவில்லை என்றால் நேர மண்டலம் கோலாலம்பூர், GMT+8 என்று இருக்கிறதா பார்ப்பேன். வழிகாட்டியிலும் அப்படியே எழுதிவிடுங்கள். மக்களுக்கு விளக்கம் வேண்டாம், வேலை நடந்தால் போதும்.

முகுந்தன், பாயான் லெப்பாஸ்

டீச்சர் கேட்ட கேள்வி சரியான கேள்வி. கைப்பேசி என்ன பார்த்துவிட்டு அந்த வாசகத்தைப் போடுகிறது என்று தெரிந்தால் சொல் தானாக அமையும்.

வைஃபை கிடைத்ததும் ஆண்ட்ராய்டு ஒரு வெற்றுப் பக்கத்தைக் கேட்கிறது. அதே வைஃபையில் இருக்கும் கணினியிலிருந்து நீங்களும் கேட்டுப் பார்க்கலாம்:

```
curl -i http://connectivitycheck.gstatic.com/generate_204
```

பதிலின் முதல் வரியில் 204 என்று வந்தால், நடுவில் யாரும் மறிக்கவில்லை. 302 வந்தாலோ, 200 என்று ஏதோ ஒரு பக்கமே வந்தாலோ, இடையில் ஒருவர் நின்று தன் பக்கத்தைக் கொடுக்கிறார் என்று பொருள். அப்போதுதான் வைஃபையில் உள்நுழையச் சொல்லும் அறிவிப்பு வருகிறது. அதே பதிலில் `Date:` என்று ஒரு வரியும் இருக்கும். அது GMT நேரம். எட்டு மணி நேரம் கூட்டி, கைப்பேசியில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இது http சோதனை. கூடவே https வழியாகவும் ஒன்று போகிறது. அங்கே, தளம் தன்னை அடையாளம் காட்டக் கொடுக்கும் சான்றிதழின் காலம் பார்க்கப்படும். கூகுளின் அந்தச் சான்றிதழ்கள் சுமார் மூன்று மாதம்தான் செல்லும். பையன் தேதியை இரண்டு நாள், ஒரு வாரம் தள்ளியபோது ஒன்றும் ஆகியிருக்காது. சான்றிதழ் முடியும் நாளைத் தாண்டியதும் கைப்பேசியின் கணக்கில் அது காலாவதி. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழும் வெவ்வேறு நாளில் முடிவதால், எல்லாம் ஒரே நாளில் நின்றிருக்காது. “நேற்று இது ஓடியது, அது ஓடவில்லை” என்று வீட்டில் சொன்னார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆண்ட்ராய்டு 9-இல் https சோதனை தோற்றாலே “இணையம் இல்லை” என்ற கணக்குதான். 10 முதல், http போய் https மட்டும் தோற்றால் `Limited connection` என்று வேறாகச் சொல்லும்.

இனி `Private DNS`. இது ஆண்ட்ராய்டு 9-இல், 2018-இல் வந்தது. பெயர்த்தேடலை, அதாவது ஒரு தளத்தின் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்பதை, 853-ஆம் போர்ட் வழியாக மறையாக்கம் செய்து அனுப்புகிறது. மூன்று நிலைகள் உண்டு. `Off` என்றால் பழைய வழி. `Automatic` என்றால் முயன்று பார்க்கும், முடியாவிட்டால் பழைய வழிக்கே திரும்பிவிடும்; சான்றிதழையும் பார்க்காது. வழங்கியின் பெயரை நாமே எழுதிக் கொடுத்தால் மட்டும் கறாராகிவிடும். சான்றிதழ் ஒத்துவர வேண்டும். இல்லையென்றால் பழைய வழிக்குத் திரும்பவே திரும்பாது.

அந்தக் கைப்பேசியில் நடந்தது இதுதான். தேதி ஒன்றே தவறு, அது இரண்டு இடத்தில் கடித்தது. பெயர்த்தேடல் சான்றிதழும் காலாவதி, தளங்களின் சான்றிதழும் காலாவதி. டீச்சர் `Off` செய்ததும் பெயர்கள் கிடைத்தன, அதனால்தான் குரோமால் அடுத்த படிக்குப் போய்க் கடிகாரத்தைக் குறை சொல்ல முடிந்தது.

தினேஷ் தம்பி, நீங்கள் சொல்வதில் பாதி சரி. 853-ஐ அடைத்து வைத்திருக்கும் வைஃபையில் `Off` போட்டால் உடனே ஓடும். இந்தக் கேஸில் ஓடியிருக்காது. நேர மண்டலத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. சான்றிதழ் உள்ளே ஓடும் GMT-யோடு ஒப்பிடப்படுகிறது. மண்டலம் லண்டன் என்று இருந்தாலும் நேரம் தானியங்கியில் இருந்தால் வலைத்தளம் திறக்கும். பார்க்க வேண்டியது ஆண்டும் மாதமும்.

தினேஷ், பிரிக்பீல்ட்ஸ்

மண்டலம் பற்றிச் சொன்னது சரி அண்ணே, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். தேதி தவறு, அதனால் பெயர்த்தேடல் தோற்கிறது. நேரம் கொடுக்கும் வழங்கிக்கும் பெயர் தேட வேண்டுமே? அப்போது தானியங்கி போட்டாலும் தேதி திருந்தவே திருந்தாது. அதனால்தான் முதலில் `Off` என்கிறேன்.

முகுந்தன், பாயான் லெப்பாஸ்

நல்ல சந்தேகம். ஆனால் ஆண்ட்ராய்டு அதற்கு வழி வைத்திருக்கிறது. நேரம் கேட்கும் நிரல் தன் பெயர்த்தேடலை `Private DNS` வழியாக அனுப்பாமல் பழைய வழியிலேயே அனுப்புகிறது. அந்த 204 சோதனையும் அப்படித்தான். நேரம் வராமல் போவதற்கு வழக்கமான காரணங்கள் வேறு. தானியங்கி அணைந்திருக்கும், அல்லது நேரம் கேட்கும் வழியான யுடிபி 123-ஐ அந்த வைஃபை அடைத்திருக்கும். சிம் இருந்தால் தொலைபேசி வலையமைப்பிலிருந்தும் நேரம் வரும். இந்தக் கைப்பேசியில் அது இல்லை.

இன்னொன்று. `Off` என்று போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். 2024 செப்டம்பரில் மலேசியத் தொடர்பு ஆணையமான எம்.சி.எம்.சி.யின் உத்தரவுப்படி, கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்றவற்றுக்குப் போகும் பெயர்த்தேடல்களை இங்குள்ள இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வழங்கிகளுக்கே திருப்பத் தொடங்கின. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சர் ஃபாமி ஃபட்சில் அதை நிறுத்தச் சொன்னார். அந்த நேரத்தில்தான் பலர் `dns.google`, `one.one.one.one` என்று எழுதி வைத்தார்கள். அந்த அண்ணனும் அப்படி வைத்திருக்கலாம். காரணத்தோடு வைத்ததைக் கடைக்காரர் சொல்லாமல் அணைத்துவிடக் கூடாது.

சாந்தி, ஜார்ஜ் டவுன்

எனக்கும் இதே பிரச்சினைதான்! மால் வைஃபையில் இணைகிறேன், இணையம் இல்லை என்கிறது. தேதி சரியாகத்தான் இருக்கிறது. டேட்டா முடிந்திருக்குமோ என்று ரீலோடும் பண்ணிவிட்டேன். குரோமைத் திறந்தால் உள்நுழையும் பக்கமே வருவதில்லை. எந்தப் பிளான் எடுத்தால் சரியாகும்?

முகுந்தன், பாயான் லெப்பாஸ்

சாந்திக்கா, பிளானுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. `Private DNS` இடத்தில் ஏதாவது பெயர் எழுதியிருக்கிறதா பாருங்கள். இருந்தால், உள்நுழையும் வரை உங்கள் குரோமால் பெயரே தேட முடியாது. அறிவிப்புப் பட்டையை இழுத்து, அதில் வரும் உள்நுழைவு அறிவிப்பைத் தட்டுங்கள். அந்தச் சாளரம் `Private DNS`-ஐத் தவிர்த்துத் திறக்கும். உள்ளே போன பிறகும் `Private DNS server cannot be accessed` என்றால், அங்கே 853 அடைபட்டிருக்கிறது. அந்த மாலில் இருக்கும் வரை `Automatic` போடுங்கள்.

சாந்தி, ஜார்ஜ் டவுன்

ஆமாம், விளம்பரம் வராமல் இருக்க ஏதோ எழுதினேன். மறந்தே போய்விட்டது. நன்றி தம்பி.

கலையரசி, பட்டர்வொர்த்

எல்லாருக்கும் மிக்க நன்றி. பையனின் அம்மாவிடம் கேட்டேன். யூடியூப் முதலில் நின்றதாம், பள்ளிப் பாடத் தளம் சில நாள் கழித்துத்தான் நின்றதாம். முகுந்தன் சொன்னது பொருந்துகிறது.

இதை வைத்து என் முன்மொழிவுகள். கைப்பேசிக்குத் தெரிவது தன் சோதனை தேறவில்லை என்பது மட்டுமே. ஆகவே “வைஃபை உண்டு, இணையம் உறுதியாகவில்லை”. “இல்லை” என்று படித்தால் வீட்டார் மோடத்தைத்தான் பார்ப்பார்கள். “உறுதியாகவில்லை” என்றால் கைப்பேசியையும் பார்ப்பார்கள்.

இராமையா ஐயா, ‘தனியார்’ என்றதும் இங்கே பெற்றோருக்குத் தனியார் மருத்துவமனை, தனியார் பள்ளிதான் நினைவுக்கு வரும். காசு கட்ட வேண்டுமோ என்று கேட்பார்கள். “மறைகாப்புப் பெயர்த்தேடல்” எப்படி இருக்கிறது? ‘சிறைவாசல்’ பயமுறுத்துகிறது. மால் வைஃபையில் நின்று விவரம் கொடுத்துவிட்டுப் போகும் இடம் என்பதால் “சாவடிப் பக்கம்” என்றும், சோதனையை “வெளிவழிச் சோதனை” என்றும் சொல்லலாமா? சாவடி இருக்கிறதா என்று மட்டுமல்ல, வெளியே போக வழி உண்டா என்றுதானே அது பார்க்கிறது.

இராமையா, செந்தூல்

சாவடி மிக நன்று, சிறைவாசலைத் திரும்பப் பெறுகிறேன். தனியார் வேண்டாம் என்பதும் நியாயம். ஆனால் மறைகாப்பு என்றால் எதையோ ஒளிக்கிறோம் என்ற பொருள் தொனிக்கிறது. “காப்புப் பெயர்த்தேடல்” போதாதா? முதல் சொல் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. “இணையம் உறுதியாகவில்லை” என்று நிறுத்துங்கள். வைஃபை கிடைத்ததை மேலே உள்ள குறியே காட்டுகிறது.

தினேஷ், பிரிக்பீல்ட்ஸ்

காப்பு என்றால் கைக்காப்பு என்று நினைப்பார்கள் ஐயா. என் ஓட்டு மறைகாப்புக்கு.

கலையரசி, பட்டர்வொர்த்

ஐயா சொன்னபடி முதல் சொல்லைச் சுருக்கிவிட்டேன். சாவடிப் பக்கமும் வெளிவழிச் சோதனையும் அப்படியே போகின்றன. `Private DNS` முடிவாகும் வரை, திரையில் உள்ளபடியே அச்சிடுகிறேன், அப்போதுதான் பெற்றோர் அமைப்புகளில் தேடிக் கண்டுபிடிக்க முடியும். அதன் பக்கத்தில் முதல் வரியாக “ஆண்டும் மாதமும் சரியா என்று முதலில் பாருங்கள்” என்று போட்டிருக்கிறேன். முகுந்தன், ஆண்ட்ராய்டு 10 முதல் வரும் `Limited connection` வாசகத்துக்கும் ஒரு சொல் வேண்டும். “அரை இணைப்பு” என்று எழுதினால் வேகம் குறைவு என்று எடுத்துக்கொள்வார்களோ?