எல் கிராண்டே கடைசி ஸ்கோரிங்: கோபுரத்த தூக்குனப்புறம் தான் தெரிஞ்சுது, உங்க அனுபவம் சொல்லுங்க

பாலாத்துமணல்

ரெண்டு வாரமா தூக்கம் கெட்டு கீது, அதான் எழுதுறேன். அக்னி நட்சத்திரத்துல வேலூர்ல எங்க வெளிய போறது, சத்துவாச்சாரி வீட்டு மாடில நாலு பேரு, நான், அத்தை பையன், அண்ணி, எதிர் வீட்டு அண்ணன். எல் கிராண்டே போர்டு கேம், ஒம்பதாவது ரவுண்டு, அதான் கடைசி. கிரனாடா என்னோட சொந்த மாநிலம், பெரிய கட்டை அங்கதான் நிக்குது, அங்க எனக்கு 5 கட்டை, அத்தை பையனுக்கு 2, அண்ணிக்கு 1. அண்ணி ஸ்கோர்ல ரொம்ப பின்னாடி, போட்டி எனக்கும் அவனுக்கும் தான்.

எல்லாரும் ஆடி முடிச்சாச்சு, நான்தான் கடைசி. கைல ரெண்டு கட்டை. ராஜா பக்கத்து மாநிலத்துல தான் நின்னாரு, கிரனாடால வெக்க தடை ஒண்ணும் இல்ல. ஆனா மூணு கட்டை முன்னாடி இருக்கோம், உள்ள இருக்கறது வெளிய தெரியாத கோபுரத்துல அவன் போட்டது ரெண்டு தான், எல்லாத்தையும் இங்க கொட்டினாலும் 5க்கு 4 தானேன்னு அந்த ரெண்டையும் வேற இடத்துல வெச்சேன். கோபுரத்துல எனக்கும் ஒரு கட்டை இருந்துது, அது எந்த மாநிலத்துல எறங்கணும்னு டயல்ல செவில்லா திருப்பினேன், அங்க மூணாவது இடம் கெடைச்சா ஒரு பாயிண்ட்.

எல்லாரும் டயல் திருப்பி கவுத்து வெச்சாச்சு. அண்ணன் கோபுரத்த தூக்குனாரு. அத்தை பையனோட நீலக் கட்டை மூணு.

அவன் டயல இன்னும் யாரும் பாக்கல, ஆனா எனக்கு தெரிஞ்சிடுச்சு. என் டயலும் கவுந்து கெடக்குது, மாத்த முடியாது. கிரனாடான்னு தான் வெச்சிருந்தான். 5க்கு 5. எல் கிராண்டேல சமமா வந்தா ரெண்டு பேருக்கும் ரெண்டாவது இடத்து பாயிண்ட் தான், அதனால 6 வாங்க வேண்டிய எடத்துல 3, சொந்த மாநிலத்துல தனியா முதல்ல இருந்தா கெடைக்கிற 2ம் போச்சு. மொத்தம் 5. நான் தோத்தது 2 பாயிண்ட்ல.

எட்டாவது ரவுண்டுல தண்ணி மோட்டார் போட கீழ போனேன். அப்பதான் அந்த மூணாவது கட்டைய உள்ள போட்டிருக்கான்.

ராணிப்பேட்ட_லோகு

இன்னாபா இது, சமமா வந்தா ரெண்டு பேருக்கும் முழு பாயிண்டு. நாங்க கார்கசோன்ல அப்டித்தான் ஆடுறோம், வயல்ல ரெண்டு பேருக்கும் சம விவசாயி இருந்தா ரெண்டு பேருக்கும் முழுசா குடுக்கணும். உங்க அண்ணன் ரூல் தப்பா சொல்லி உன்ன ஏமாத்திட்டாரு. திரும்ப கணக்கு போட்டு பாரு, நீதான் ஜெயிச்ச.

கோட்டை_அகழி

லோகு, கார்கசோன்ல நீங்க சொல்றது சரி. அது அந்த கேம். எல் கிராண்டேல சமம்னா கீழ் இடம் தான், அண்ணன் சரியாத்தான் சொல்லியிருக்காரு. இந்த ஒரு வித்தியாசத்துலயே எப்ப கட்டைய எறக்குறதுன்ற முடிவு மாறிடும். கார்கசோன்ல சமம் பண்ணா நான் சேர்ந்துக்குறேன், உனக்கு ஒண்ணும் கொறையல. இங்க சமம் பண்றது மேல இருக்கறவன இழுத்து கீழ போடுறது.

மணல், உங்க ஆட்டத்தையே பாருங்க. அத்தை பையன் ஏற்கனவே ரெண்டாவது இடம், 3 பாயிண்ட் எப்படியும் வரும். மூணு கட்டைய எறக்கி சமம் பண்ணப்புறமும் அவனுக்கு அதே 3 தான். அவனுக்கு ஒரு பாயிண்ட் கூட ஏறல, உங்களுக்கு 5 எறங்குச்சு. அந்த மூணையும் வேற எங்கயாவது விட்டிருந்தா அவனுக்கு எவ்ளோ வந்திருக்கும்?

பாலாத்துமணல்

ஆரகான்ல விட்டிருந்தா 2 கூட வந்திருக்கும். அதுக்கு மேல எங்கயும் இல்ல, அப்புறமா எல்லாரும் உக்காந்து எண்ணிப் பாத்தோம்.

கோட்டை_அகழி

அப்ப அவன் ஆரகான் போயிருந்தா அவனுக்கு 2 கூட, உங்களுக்கு கிரனாடால அந்த 5 அப்டியே. நீங்க 1 பாயிண்ட்ல ஜெயிச்சிருப்பீங்க. சும்மா ஒண்ணும் கெடைக்காத எடத்துல மூணு கட்டைய கொட்டி தான் அவன் ஜெயிச்சான். ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும் போட்டின்னா அடுத்தவன் பாயிண்ட கொறைக்கிறதும் தன் பாயிண்ட ஏத்துறதும் ஒரே கணக்கு. நாலு பேரும் நெருக்கத்துல இருந்தா இது ஆகாது, உங்கள கீழ எறக்க அவன் செலவு பண்ணுவான், நடுவுல அண்ணி ஜெயிச்சிட்டு போயிடுவாங்க.

உங்க தப்பு வேற எடத்துல. நீங்க கடைசியா ஆடுனீங்க, அதாவது யார் கைலயும் வெக்க வேண்டிய கட்டை இல்ல, மீதி ஆபத்து கோபுரம் மட்டும் தான். அந்த நேரத்துல முன்னிலை எவ்ளோன்னு எண்ணறதோட, அதுல எவ்ளோ கரைய முடியும்னும் எண்ணணும். மூணு முன்னாடி, ரெண்டு கரையலாம்னு கணக்கு போட்டு ஒரு கட்டை மிச்சம்னு நிம்மதியானீங்க. ஆனா அந்த "ரெண்டு"ன்ற எண்ணே நிச்சயமில்லாத எண். ஒரு ரவுண்டு கண்ணு வேற பக்கம் போயிருந்தா அதுல ஒண்ணு கூட்டிக்கணும். கைல இருந்த ரெண்டுல ஒண்ண கிரனாடால வெச்சிருந்தா 6க்கு 5, முடிஞ்சுது. இல்ல டயல்ல செவில்லாக்கு பதில் கிரனாடா திருப்பியிருந்தாலும் போதும், செவில்லால வர 1 போகும், இந்த 5 நிக்கும், 2 பாயிண்ட்ல நீங்க தான் ஜெயிச்சிருப்பீங்க.

மக்கன்பேடா

அகழி சார் சொல்றத பாத்தா எல்லாமே கடைசில தான் வெக்கணும்ன்ற மாதிரி இருக்கு, நான் அத ஒத்துக்க மாட்டேன். என் கதை நேர் எதிர். ஆற்காட்டுல சித்தப்பா வீட்ல முதல் தடவ ஆடினேன், யாரோ "கட்டைய காட்டாத, கடைசி வரைக்கும் புடிச்சு வெய்"ன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. நானும் கைலயே புடிச்சு வெச்சேன், மாநிலத்துல ஒண்ணு ரெண்டு தான். மூணாவது ரவுண்டு ஸ்கோரிங், ஆறாவது ரவுண்டு ஸ்கோரிங் ரெண்டுலயும் சித்தி சிரிச்சுகிட்டே காய நகத்துறாங்க, எனக்கு அங்கங்க ரெண்டு மூணு பாயிண்ட். ஒம்பதாவதுல நான் எல்லாரயும் அடிச்சேன், உண்மையாவே அந்த ஒரு ஸ்கோரிங்ல நான் தான் டாப், ஆனாலும் கடைசி எடம்.

ஸ்கோர் பண்ணப்புறம் கட்டை வீட்டுக்கு போறதில்ல, அங்கயே நிக்குது. ரெண்டாவது ரவுண்டுல சித்தி வெச்ச கட்டை மூணு தடவ சம்பாதிச்சுது, எட்டாவது ரவுண்டுல நான் வெச்சது ஒரே தடவ. அந்த கணக்கு எனக்கு வீட்டுக்கு பஸ்ல வரும்போது தான் ஒறச்சுது.

கோட்டை_அகழி

பேடா, நான் எல்லாமே கடைசிலன்னு சொல்லவே இல்ல. நீங்க சொன்னது சரி, அதோட இன்னொண்ணு. சித்தி முன்னாடியே வெச்சது எத்தன கட்டை? என் அனுபவத்துல முன்னாடி வெக்கறது ஒண்ணு ரெண்டா நாலஞ்சு எடத்துல பரவி இருந்தா தான் லாபம், ரெண்டாவது மூணாவது இடத்து பாயிண்ட் மலிவா வந்துகிட்டே இருக்கும், யாரும் உங்கள அடிக்க மெனக்கெட மாட்டாங்க. ஒரே எடத்துல அஞ்சு வெச்சா போர்டு போட்ட மாதிரி, எல்லாரும் அதுக்கு மேல எத்தன வேணும்னு எண்ண ஆரம்பிப்பாங்க. அப்புறம் சில கார்டு அடுத்தவங்க கட்டைய தூக்கி வேற எடத்துல வெக்க விடும், அது பெரிய குவியல் மேல தான் விழும்.

மணல், உங்க அஞ்சு எப்ப வெச்சது?

பாலாத்துமணல்

ஏழாவது ரவுண்டு. ராஜா கார்டு எடுத்து அஞ்சும் ஒரே தடவ. அதுக்கு முன்னாடி அங்க என்னோட பெரிய கட்டை மட்டும் தான்.

கோட்டை_அகழி

அப்ப ரெண்டு பக்கத்து நஷ்டமும் உங்களுக்கு. ஒரே ஸ்கோரிங்குக்கு தான் உதவுச்சு, அதுவும் ரெண்டு ரவுண்டு முன்னாடியே எல்லாருக்கும் காட்டியாச்சு.

குடியாத்தம்_அக்கா

தம்பி மோட்டார் போட கீழ போனப்ப ஆட்டத்த நிறுத்தி வெச்சிருக்கணும், அது தான் முறை. எங்க வீட்ல ஒரு சட்டம் உண்டு, யாராவது எழுந்து போனா கார்டு கவுத்துட்டு காத்திருக்கணும், டீ போட போனாலும் சரி பாத்ரூம் போனாலும் சரி. அப்புறம் ஃபேன் வேகத்த கொறச்சு வெய்ங்க, கார்டெல்லாம் பறக்கும். மாடில ஆடாதீங்க, தகர ஷெட்டா இருந்தா மே மாசத்துல மண்ட காயும், அந்த சூட்ல யாருக்கு எண்ணிக்க நிக்கும், கீழ ஹால்ல பாய் விரிச்சு ஆடுங்க, சாப்பாடு ஆட்டத்துக்கு அப்புறம் தான். ஆம்பூர் பிரியாணி வாங்கி வந்து நடுவுல சாப்ட்டா அடுத்த ரெண்டு ரவுண்டு யாரும் யோசிக்க மாட்டாங்க, இது நான் பாத்தது. கோபுரத்துல போடும்போது சத்தமா "நீலம் ஒண்ணு"ன்னு சொல்லிட்டு போட வெச்சிடுங்க. எங்க சம்பவம்னு ஒண்ணும் பெருசா இல்ல, எங்க வீட்டுக்காரர் எப்பவும் தோப்பாரு.

ராணிப்பேட்ட_லோகு

அக்கா சத்தமா சொன்னா அப்புறம் கோபுரம் எதுக்கு? மறந்து போறது தான் அந்த கேமே. மோட்டார் போட போனது அவரு தப்பு. சரி ரூல் விஷயத்துல நான் சொன்னது கார்கசோன் தான், ஒத்துக்குறேன், ஆனா சமமா வந்தா ரெண்டு பேரயும் கீழ எறக்குறது நியாயமே இல்லன்றதுல மாத்தம் இல்ல.

குடியாத்தம்_அக்கா

மறக்குறது வேற, ஆள் இல்லாதப்ப போடுறது வேற.

கோட்டை_அகழி

ஆள் இல்லாதப்ப போட்டாலும் ரூல் படி தப்பு இல்லக்கா. நல்லா இல்ல, அவ்ளோதான். எனக்கு புடிச்சது என்னன்னா அந்த பையன் டயல்ல கிரனாடா திருப்புனது. ஆரகான்ல சுலபமா 2 இருக்கு, அத விட்டுட்டு தனக்கு ஒண்ணும் வராத எடத்துக்கு போக நெஞ்சு வேணும். அவன் உங்க ஸ்கோரையும் தன்னோடதையும் மனசுலயே ஓட்டி பாத்திருக்கான்.

நீலக்கட்ட

அந்த அத்தை பையன் நான் தான். அண்ணி லிங்க் அனுப்புனாங்க.

மச்சான் மொதல்ல மன்னிச்சுக்கோ, நீ மோட்டார் போட போனப்ப போட்டது உண்மை, ஆனா என் டர்ன் வந்துச்சு போட்டேன், ஒளிச்சு போடல, அண்ணி பாத்துகிட்டு தான் இருந்தாங்க. அப்புறம் அகழி அண்ணே, நீங்க சொல்ற மாதிரி நான் ஒண்ணும் ஓட்டி பாக்கல. நான் உள்ள நாலு போட்டிருக்கேன்னு நெனச்சேன். ரெண்டும் நாலும் ஆறு, 6க்கு 5, கிரனாடா எனக்குன்னு கணக்கு. கோபுரத்த தூக்குனப்ப மூணு தான் இருந்துச்சு, போச்சுடா தப்பா திருப்பிட்டோம், ஆரகான் வெச்சிருக்கலாமேன்னு வயித்த கலக்குச்சு. மச்சான் மூஞ்சிய பாத்து தான் ஏதோ நடந்திருக்குன்னு தெரிஞ்சுது.

பாலாத்துமணல்

டேய்.

அப்ப நீயும் எண்ணல, நானும் எண்ணல.

நீலக்கட்ட

அண்ணி எண்ணியிருக்காங்க. மூணுன்னு அவங்களுக்கு தெரியும், நீ செவில்லா திருப்புறதையும் ஓரக்கண்ணால பாத்தாங்களாம். கேட்டா "நான் தான் பின்னாடி கீறேனே, எனக்கெதுக்கு"ன்றாங்க.