பன்னிரண்டாம் வகுப்புப் பையனுக்கு எந்த டிஜிட்டல் வாட்ச்? தெருக் குழுவில் ஒரு ஞாயிறு மாலை

மல்லிகா (மாலை 5.12): அனைவருக்கும் வணக்கம். என் மகன் பன்னிரண்டாம் வகுப்பு. கணக்கு மாதிரித் தேர்வு எழுதும்போது நேரம் பார்க்கக் கைப்பேசியை எடுத்தால், அரை மணி நேரம் கழித்துத்தான் அதைக் கீழே வைக்கிறான். அதனால் விலை குறைந்த டிஜிட்டல் வாட்ச் ஒன்று வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். ஸ்டாப்வாட்ச், டைமர், அலாரம் என்று மூன்றையும் சொல்கிறார்கள். இவற்றில் எது அவனுக்கு உண்மையில் பயன்படும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுப்பையா மாமா (5.19): இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மல்லிகா? கேசியோ எஃப்-91டபிள்யூ வாங்கிக் கொடு. நான் எத்தனையோ வருடங்களாக அதைத்தான் கட்டியிருக்கிறேன். நீ சொன்ன மூன்றும் அதில் இருக்கின்றன.

இப்ராஹிம் பாய், கடிகாரக் கடை (5.31): மாமா, நல்ல வாட்ச்தான், நானே நிறைய பேட்டரி மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 1989-இல் வந்த அந்த மாடலில் டைமர் கிடையாது. அலாரமும் ஒன்றே ஒன்றுதான். ஸ்டாப்வாட்ச் 59 நிமிடம் 59 வினாடி வரை ஓடிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். பையன் மூன்று மணி நேரத் தாளை எழுதும்போது நடுவில் நிமிர்ந்து பார்த்தால், திரையில் 12 நிமிடம் என்று காட்டும். அது ஒரு மணி 12 நிமிடமா, இரண்டு மணி 12 நிமிடமா என்பதை அவன்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சுப்பையா மாமா (5.34): நான் இவ்வளவு காலமாக டைமர் என்று நினைத்தது ஸ்டாப்வாட்சைத்தானா?

இப்ராஹிம் பாய் (5.36): கடைக்கு வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், மாமா. மல்லிகா அம்மா, கடையில் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்பாமல், வாட்சைக் கையில் வாங்கி மோட் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்திப் பாருங்கள். பூஜ்யத்திலிருந்து ஏறுவது ஸ்டாப்வாட்ச். நீங்கள் வைத்த நேரத்திலிருந்து இறங்குவது டைமர். இரண்டும் தனித்தனியாக வர வேண்டும். அலாரம் பகுதிக்குள் போனதும் இன்னொரு பொத்தானை அழுத்தினால் எத்தனை அலாரம் என்று ஒவ்வொன்றாகக் காட்டும். கேசியோ ஏஇ-1200 மாடலில் நான்கு அலாரமும், ஐந்தாவதாக ஒரு ஸ்னூஸ் அலாரமும், 24 மணி நேரம் வரை வைக்கக்கூடிய டைமரும் உண்டு. அதே போன்ற வசதிகளுடன் விலை குறைந்த உள்ளூர் மாடல்களும் வருகின்றன. பெயரைப் பார்க்காமல் பொத்தானை அழுத்திப் பார்த்தே வாங்கலாம்.

ஹரிணி (5.48): அத்தை, நான் இரண்டு வருடம் முன்பு இதைச் செய்து பார்த்தவள் என்பதால் சொல்கிறேன். முதல் மாதம் டைமரையும் அலாரத்தையும் தொட விடாதீர்கள். ஸ்டாப்வாட்ச் மட்டும் போதும். எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியாமலே டைமர் வைத்தால் அது சத்தம் போடும்போது பதற்றம்தான் வரும். கணக்குத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20, இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் வினாக்கள் தலா 7, மொத்தம் 90 மதிப்பெண், 180 நிமிடம். அதாவது ஒரு மதிப்பெண்ணுக்கு இரண்டு நிமிடம். என் முதல் மாதிரித் தாளில் எனக்கு முறையே 38, 30, 52, 84 நிமிடங்கள் ஆயின. கூட்டினால் 204 நிமிடம், 24 நிமிடம் அதிகம். ஐந்து மதிப்பெண் வினாக்கள்தான் நேரத்தைத் தின்கின்றன என்று அதுவரை உறுதியாக நம்பியிருந்தேன். கணக்குப் போட்டால் மூன்று மதிப்பெண் பகுதியில் ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டரை நிமிடம், ஐந்து மதிப்பெண் பகுதியில் 2.4 நிமிடம். அதைவிட, யோசிக்காமல் குறித்துவிட வேண்டிய ஒரு மதிப்பெண் பகுதியில் 38 நிமிடம் உட்கார்ந்திருந்ததுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

மல்லிகா (5.52): பகுதி முடியும்போதெல்லாம் ஸ்டாப்வாட்சை நிறுத்த வேண்டுமா, ஹரிணி?

ஹரிணி (5.55): நிறுத்தக் கூடாது, அத்தை. ஸ்ப்ளிட் பொத்தானை அழுத்தினால் திரையில் எண் அப்படியே நிற்கும், உள்ளே ஓட்டம் தொடரும். நிமிடத்தைத் தாளின் ஓரத்தில் எழுதிவிட்டு மறுபடி அதையே அழுத்த வேண்டும். என் தோழி ஒருத்தி, எண் நின்றதும் ஓட்டமே நின்றுவிட்டது என்று எண்ணி நிறுத்தும் பொத்தானையும் அழுத்தி, அதன் பிறகு பதற்றத்தில் ஸ்ப்ளிட்டை இரண்டு மூன்று முறை அழுத்தியதில் எல்லாம் பூஜ்யமாகிவிட்டது. ஓட்டம் நின்றபின் அந்தப் பொத்தான் அழிக்கும் பொத்தானாக மாறிவிடும்.

ஸ்டெல்லா அக்கா (6.03): மருத்துவமனையில் எனக்கும் ஸ்டாப்வாட்ச்தான் அதிகம் உதவுகிறது. 500 மில்லி குளுக்கோஸ் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், எங்கள் சொட்டுக் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால், நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 சொட்டு. ஸ்டாப்வாட்சைத் தட்டிவிட்டுச் சொட்டு அறையைப் பார்த்து எண்ணிக்கொண்டே சக்கரத்தைத் திருகுவேன். சில வினாடிகள் மட்டும் எண்ணிப் பார்க்க டைமர் உதவாது; என்னுடையதில் ஒரு நிமிடத்துக்குக் குறைவாக வைக்கவே முடியாது. ஆனால் அடுத்த முறை பார்க்க வேண்டிய நேரத்துக்கு டைமர்தான். நோயாளி கையை மடக்கினாலே சொட்டு வேகம் மாறிவிடும்.

ரவி (6.10): நான் விசைத்தறியில் வேலை பார்ப்பவன். தறி ஓடும்போது இந்த வாட்சின் அலாரம் காதில் விழுவதே இல்லை. அதற்கு ஏதாவது வழி உண்டா?

இப்ராஹிம் பாய் (6.14): ரவி தம்பி, இந்த வகை வாட்ச்களில் அலாரம் பத்து இருபது வினாடி கீச்சிட்டுவிட்டு நின்றுவிடும். சத்தத்தைக் கூட்டும் வசதி கிடையாது. ஸ்னூஸ் அலாரம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக ஏழு தடவை அடிக்கும். அதையும் தறிச் சத்தத்தில் கேட்பது கடினம்தான். நடுங்கும் மாடல்கள் வருகின்றன, விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் தறியின் அதிர்வில் அந்த நடுக்கம் கையில் தெரியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ரவி (6.16): அப்படியா! போன மாதம் காலை ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்து மணி அலாரம் வைத்தும் அடிக்கவில்லையே, அதுவும் சத்தம் குறைவாக இருந்ததால்தானோ?

இப்ராஹிம் பாய் (6.19): வீட்டில் தறி ஓடவில்லையே, தம்பி. அலாரம் வைக்கும்போது திரை ஓரத்தில் சின்னதாக P என்று இருந்ததா என்று பாருங்கள். 12 மணி முறையில் வைத்திருந்தால் மாலை ஐந்துக்குப் பொருந்தியிருக்கும். 24 மணி முறைக்கு மாற்றிக்கொண்டால் 5:00 என்பதும் 17:00 என்பதும் ஒருபோதும் குழம்பாது.

ரவி (6.24): P இருக்கிறது. அன்று மாலை டீ குடிக்கும்போது ஏதோ கீச்சென்றது, பக்கத்து மேசைக்காரரின் கைப்பேசி என்று நினைத்தேன்.

மல்லிகா (6.31): ஸ்டாப்வாட்ச் புரிந்தது. அடுத்த மாதம் டைமரா, அலாரமா, ஹரிணி?

ஹரிணி (6.40): வீட்டுப் பயிற்சியில் ஒரு பகுதியை மட்டும் எழுதும் நாளில் டைமர் நல்லது. 25 நிமிடம் வைத்து ஒரு மதிப்பெண் வினாக்களை மட்டும் எழுதலாம். மறுநாளும் அதே 25 தயாராக இருக்கும். முழுத் தாளுக்கு டைமர் சிரமம், ஏனென்றால் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் உட்கார்ந்து புது நிமிடத்தை வைக்க வேண்டும். அதற்கு நான்கு அலாரம் பொருத்தம். பொதுத்தேர்வில் 10 மணிக்கு வினாத்தாளை வாசிக்க 10 நிமிடமும் விவரம் நிரப்ப 5 நிமிடமும் தந்து, 10.15 முதல் 1.15 வரை எழுத விடுகிறார்கள். நான் ஒரு மதிப்பெண்ணுக்கு 25, இரண்டுக்கு 25, மூன்றுக்கு 45, ஐந்துக்கு 75 நிமிடம் என்று பிரித்து, சரிபார்க்க 10 நிமிடம் விட்டேன். எனவே அலாரங்கள் 10.40, 11.05, 11.50, 1.05. ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்தில் உட்கார்ந்து எழுதினால் கையும் பழகும்.

ஹரிணி (6.42): ஒன்றை மறக்காதீர்கள், அத்தை. இந்த அலாரங்கள் அணைக்கும்வரை தினமும் அடிக்கும். நான் ஞாயிறு எழுதி முடித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். திங்கட்கிழமை வேதியியல் வகுப்பில் 10.40-க்கு அடித்தது, ஆசிரியர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். 11.05-க்கு மறுபடி அடித்தபோது சிரிக்கவில்லை.

சுப்பையா மாமா (6.47): அப்படியே தேர்வு அறைக்கும் கட்டிக்கொண்டு போகலாம் அல்லவா?

ஸ்டெல்லா அக்கா (6.50): நீட் தேர்வுக்கு எந்த வாட்சையும் உள்ளே விடுவதில்லை, மாமா. பொதுத்தேர்வுக்குப் பள்ளியில் கேட்டுக்கொள்வதே நல்லது. விட்டாலும் அலாரம் அடிக்கும் வாட்சைக் கட்டிக்கொண்டு போவது சரியாகப் படவில்லை. எனக்கென்னவோ, பிள்ளைக்குப் பகுதிக்குப் பகுதி அலாரம் அடித்துப் பழக்கினால் அலாரம் இல்லாத அறையில் தடுமாறுவானே என்று தோன்றுகிறது.

ஹரிணி (6.54): நான் கடைசி மூன்று தாள்களை அலாரம் இல்லாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எழுதினேன், அக்கா. இரண்டில் சமாளித்தேன், ஒன்றில் மூன்று மதிப்பெண் பகுதியில் மறுபடி 50 நிமிடம் ஆனது. அதனால் நீங்கள் சொல்வது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

மல்லிகா (7.02): நாளை மாலை பாய் கடைக்கு அவனையும் அழைத்துக்கொண்டு வருகிறேன். பொத்தான்களை அவனே அழுத்திப் பார்த்து எடுக்கட்டும்.

இப்ராஹிம் பாய் (7.05): வாருங்கள், அம்மா. ஏழு மணிக்குமேல் வந்தால் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பார்க்கலாம்.

சுப்பையா மாமா (7.09): பாய், ஒரு சந்தேகம். என் வாட்ச் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை கீச்சிடுகிறதே, அது அலாரமா? நான் வைக்கவே இல்லை. இரவில் உன் அத்தை கோபித்துக்கொள்கிறாள்.

இப்ராஹிம் பாய் (7.11): அது மணியொலி, மாமா. மோட் பொத்தானை அழுத்தி அலாரம் பகுதிக்குப் போய், வலப்பக்கப் பொத்தானைத் தட்டத் தட்ட, திரையில் அலாரக் குறியும் மணியொலிக் குறியும் மாறி மாறித் தோன்றி மறையும். இரண்டுமே இல்லாத நிலையில் விட்டுவிடுங்கள்.

சுப்பையா மாமா (7.26): போய்விட்டது போலிருக்கிறது. எட்டு மணிக்குத்தான் உறுதியாகத் தெரியும்.