ஒப்பந்த நிரலாளர் விலகுகிறார்: பழைய ஏபிஐ கீயை உடனே அழிக்க வேண்டுமா?

வணக்கம். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கு மாங்காய் ஏற்றிச் செல்லும் லாரிகளைக் கண்காணிக்க, கூகுள் மேப்ஸ் சார்ந்த ஓர் ஆண்ட்ராய்டு செயலியையும் ஒரு சர்வரையும் நடத்தி வருகிறோம். இரண்டுக்கும் ஒரே ஏபிஐ கீதான். அதற்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. அதை உருவாக்கிய ஒப்பந்த நிரலாளர் இம்மாத இறுதியில் விலகுகிறார். கூகுள் கிளவுட் கணக்கில் அவருடைய அனுமதியை நீக்கினாலும், அவர் குறித்து வைத்திருக்கக்கூடிய கீ வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

ஐபி முகவரி, ஆண்ட்ராய்டு செயலி ஆகியவற்றில் ஒரு வகைக் கட்டுப்பாட்டையே ஒரு கீக்கு விதிக்க முடியும் என்பதால், புதிதாக இரண்டு கீகளை உருவாக்கினேன். சர்வருக்கான கீ, ஜியோகோடிங் ஏபிஐக்கு மட்டும், எங்கள் ஐபியிலிருந்து மட்டும் செல்லும். தொடக்கத்தில் சில கோரிக்கைகள் `REQUEST_DENIED` என்று திரும்பின. பிழைச் செய்தியில் காட்டிய முகவரி ஐபிவி6 வகையாக இருந்தது, அதையும் சேர்த்தவுடன் சரியானது. செயலிக்கான கீயை `Maps SDK for Android` என்பதற்கு மட்டும் அனுமதித்து, பேக்கேஜ் பெயருடனும் பிளே கன்சோல் காட்டும் `SHA-1` உடனும் பிணைத்து, புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டேன்.

ஆனால் ஓட்டுநர்கள் பலர் செயலியைப் புதுப்பிக்கவில்லை; பழைய கீ நாள்தோறும் பயன்படுவது மெட்ரிக்ஸ் பக்கத்தில் தெரிகிறது. அழித்த கீயை 30 நாட்களுக்குள் மீட்கலாம் என்றாலும், அதற்குள் வழியில் இருக்கும் லாரிகளில் வரைபடம் வெறுமையாகிவிடும்.

பழைய கீயை அழிக்காமல், அதன் மீதும் இதே ஆண்ட்ராய்டு கட்டுப்பாடுகளை விதித்து, பயன்பாடு நிற்கும்வரை விட்டுவைப்பது, விலகுபவர் அதை அறிந்திருக்கும் நிலையில் பாதுகாப்பானதா?